ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை சர்வர் படுத்தால் யார் எடுப்பார்கள்? 29 டாலர் சப்போர்ட்டா, 100 டாலரா?

மண்டபம்காரன்

மக்களே, ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மீன் கம்பெனிக்காரர்களுக்கு ஏலக் கணக்கு ஆப் ஒன்று நடத்துகிறோம். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தார், முன்பணம் எவ்வளவு கழிந்தது, இவ்வளவுதான் விஷயம். அஷ்யூரில் ஓடுகிறது, போஸ்ட்கிரெஸ் ஃப்ளெக்சிபிள் சர்வர் ஒன்று, ஆப் சர்வீஸ் ஒன்று, வேறு பெரிதாக எதுவும் இல்லை.

நம்ம ஊர் கதை தெரியும். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் கரைக்கு வரும். அதனால் வாரத்தில் மூன்று நாள், அதுவும் காலையில் சில மணி நேரம்தான் எங்களுக்கு உயிர் போகிற நேரம், மற்ற நேரத்தில் சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மீன்பிடித் தடைக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை 5:10-க்கு என்ட்ரி எதுவும் ஏறவில்லை. பழைய கணக்கெல்லாம் தெரிகிறது, புதிதாகப் போட்டால் இது வருகிறது:

```
ERROR: cannot execute INSERT in a read-only transaction
```

எங்களிடம் இருப்பது டெவலப்பர் சப்போர்ட், மாதம் 29 டாலர். கேஸ் போடலாம் என்று போனால் தீவிரம் என்கிற இடத்தில் அவசரம் குறைந்த சி நிலை மட்டும்தான் கொடுக்கிறது, ஏ, பி இரண்டையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. சரி என்று மூடிவிட்டு மதுரையில் இருக்கும் நண்பனை எழுப்பி, டிஸ்க்கைப் பெரிதாக்கி, ஒரு வழியாக ஏழு மணிக்கு மேல் ஓடியது. அதற்குள் ஏலம் முடிந்து எல்லாம் துண்டுச்சீட்டில் போய்விட்டது.

இப்போது தடைக்காலம், யோசிக்க நேரம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் 100 டாலர் எடுத்தால் உண்மையில் என்ன மாறும்? எத்தனை கேஸ் போடலாம், எவ்வளவு நேரத்தில் ஆள் வரும், இந்த டிசைனே சரியா என்று கேட்டால் சொல்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடி_முத்து

ரெஸ்பான்ஸ் டைம்தான் பிரச்சினை என்றால் சென்னை ரீஜனுக்கு மாற்றிவிடு தம்பி. புனேயில் வைத்திருப்பாய், அங்கே போய்த் திரும்பி வர மில்லிசெகண்ட் கூடும். நான் மாற்றினேன், நல்ல வித்தியாசம் தெரிந்தது.

மண்டபம்காரன்

அண்ணே, அந்த ரெஸ்பான்ஸ் டைம் இல்லை. கேஸ் போட்டால் சப்போர்ட் ஆள் எவ்வளவு நேரத்தில் பதில் தருவார் என்பதைக் கேட்கிறேன்.

பாம்பன்_ஜெரோம்

100 டாலர் திட்டமெல்லாம் பார்த்து எடுங்கள். எண்ணிக்கை வைத்துத்தான் கொடுப்பார்கள், வருஷத்துக்கு நாலு கேஸ், அதற்கு மேல் போட்டால் தனிக்காசு. நான் இருந்த கம்பெனியில் மூன்றை அநாவசியமாகச் செலவழித்துவிட்டு, நிஜமாகவே படுத்த அன்று ஒன்றை வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று பஞ்சாயத்து நடந்தது. 24 மணி நேரம் என்பதும் பேச்சுக்குத்தான்.

உப்புக்காற்று

ஜெரோம் சொல்வது பொய் இல்லை, ஆனால் வேறு பொருளைப் பற்றியது. விஷுவல் ஸ்டூடியோ எண்டர்பிரைஸ் சந்தாவோடு வரும் டெக்னிக்கல் சப்போர்ட்டில்தான் வருஷத்துக்கு நாலு கேஸ் கணக்கு, ப்ரொஃபஷனல் சந்தாவில் இரண்டு. உங்கள் கம்பெனியில் அதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். அஷ்யூர் சப்போர்ட் திட்டம் அது இல்லை. டெவலப்பரோ ஸ்டாண்டர்டோ, காசு கட்டி வாங்கினால் கேஸ் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பில்லிங், சந்தா, கோட்டா உயர்த்துவது இதற்கெல்லாம் திட்டமே வேண்டாம், எதுவும் வாங்காதவர்களும் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கோட்டா உயர்த்தத்தான் திட்டம் வாங்கினோம் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அது தெண்டம்.

ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு கேஸ் என்றால் ஒரு பிரச்சினை. சர்வர் படுத்ததைப் பற்றிப் போட்ட கேஸிலேயே பேக்கப்பையும் கேட்டால் அதற்குத் தனியாகப் போடச் சொல்லுவார்கள், போஸ்ட்கிரெஸ் ஆள் வேறு, ஆப் சர்வீஸ் ஆள் வேறு.

இப்போது மண்டபம்காரன் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அந்த ஞாயிறு 5:10-க்கு சி நிலையிலேயே கேஸ் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டெவலப்பரில் சி நிலைக்கு 8 வேலை மணி நேரத்துக்குள் முதல் பதில். வேலை மணி என்பது திங்கள் முதல் வெள்ளி, காலை 9 முதல் மாலை 5. ஞாயிறு முழுக்க கடிகாரம் ஓடாது. திங்கள் 9 மணிக்கு ஓட ஆரம்பித்து மாலை 5 மணிக்குத்தான் அந்த 8 மணி நேரம் முடியும். அதாவது அவர்கள் திங்கள் மாலை 4:55-க்குப் பதில் போட்டாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. திங்கள் அரசு விடுமுறை என்றால் செவ்வாய் மாலை, அதற்குள் உங்களுக்கு அடுத்த ஏலமே முடிந்திருக்கும்.

இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டெவலப்பர் என்பது சோதனை ஓட்டத்துக்கும் படிப்பதற்கும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏ, பி இரண்டும் உங்களுக்குக் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான்.

ஸ்டாண்டர்டில் மூன்று நிலையும் உண்டு. ஏ என்றால் 1 மணி நேரம், பி என்றால் 4 மணி நேரம், இரண்டுக்கும் ஞாயிறு திங்கள் பேதம் இல்லை. சி மட்டும் அதே 8 வேலை மணி. ஆக 71 டாலர் கூடுதலாகக் கொடுத்து நீங்கள் வாங்குவது இரவும் ஞாயிறும்தான். கிட்டத்தட்ட ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி.

பாம்பன்_ஜெரோம்

சரி, விஷுவல் ஸ்டூடியோதான் போலிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் வந்தால் மட்டும் என்ன? 5:10-க்குப் போட்டால் 6:10. அதுவும் பதில்தானே தவிர சரிசெய்து தருவது இல்லையே. கூடை ஏலத்துக்கு வந்து இறங்கியபிறகு ஒரு மணி நேரம் யார் காத்திருப்பார்கள், ஐஸ் உருகுமா உருகாதா?

உப்புக்காற்று

சரியான கேள்வி. முதல் பதிலுக்குத்தான் நேரம் சொல்கிறார்கள், தீர்வுக்கு எந்தத் திட்டத்திலும் நேரம் சொல்வதில்லை. ஆயிரம் டாலர் ப்ரோடைரக்ட்டில்கூட ஏ நிலை அதே 1 மணி நேரம்தான், பி 2 மணி, சி 4 வேலை மணி என்று கீழேதான் குறையும். அதனால் வேகம் வேண்டும் என்று மேலே மேலே போவதில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு மணி நேரம் என்பது எப்போது பயன்படும் என்றால், பிரச்சினை அவர்கள் பக்கம் இருக்கும்போது. சர்வர் ரீஸ்டார்ட்டில் மாட்டிக்கொண்டு போர்ட்டலில் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை, ஸ்டோரேஜைக் கூட்டினால் பிழை வருகிறது, இதெல்லாம் நீங்கள் கையால் செய்ய முடியாதவை, அப்போது ஆள் இல்லாவிட்டால் திங்கள்வரை உட்கார வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு வந்தது அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன். டிஸ்க் எத்தனை ஜிபி?

மண்டபம்காரன்

32. நண்பன் அதை 64 ஆக்கியதும் உடனே எழுத ஆரம்பித்துவிட்டது. எங்கள் டேட்டா மொத்தமே 6 ஜிபி தாண்டாது, எப்படி நிறைந்தது என்று இன்றுவரை தெரியாது.

உப்புக்காற்று

நினைத்தேன். ஃப்ளெக்சிபிள் சர்வரில் டிஸ்க் 95 சதவீதம் நிறைந்தாலோ மிச்சம் 5 ஜிபிக்குக் கீழே போனாலோ சர்வர் தானாகப் படிப்பு மட்டும் என்கிற நிலைக்குப் போய்விடும். முழுக்க நிறைந்து டேட்டா கெட்டுவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. 32-இல் மிச்சம் 5 என்றால் 27 நிறைந்ததுமே பூட்டு விழும். 6 ஜிபி டேட்டா 27 ஆக வேண்டும் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் வால் லாக் குவிந்திருக்கும். ரிப்போர்ட்டுக்கு, டாஷ்போர்டுக்கு என்று எதையாவது லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் இணைத்துப் பார்த்தீர்களா? இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT slot_name, active,
       pg_size_pretty(pg_wal_lsn_diff(
         pg_current_wal_lsn(), restart_lsn)) AS held
FROM pg_replication_slots;
```

மண்டபம்காரன்

அண்ணே ஓட்டினேன். ஒரு ஸ்லாட் இருக்கிறது, active என்ற இடத்தில் f, held இடத்தில் 24 GB. பொங்கலுக்குப் பிறகு ஒரு ரிப்போர்ட் டூல் ட்ரையல் போட்டுப் பார்த்தோம், வேண்டாம் என்று அதை அழித்தாயிற்று, அதோடது போலிருக்கிறது.

உப்புக்காற்று

அதேதான். டூல் போய்விட்டது, ஸ்லாட் போகவில்லை. எடுத்துக்கொள்ள ஆள் வருவார் என்று போஸ்ட்கிரெஸ் வால் ஃபைல்களை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. வேறு யாரும் அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு `pg_drop_replication_slot` போடுங்கள், கொஞ்ச நேரத்தில் இடம் விடுபடும். டிஸ்க்கை மட்டும் மறுபடி 32 ஆக்க முடியாது, ஏற்றலாம், இறக்க முடியாது. ஸ்லாட்டை நீக்காமல் விட்டிருந்தால் சீசன் பாதியில் 64-உம் நிறைந்திருக்கும். ஆட்டோக்ரோ போட்டால் டிஸ்க் தானாகப் பெரிதாகும், ஆனால் குப்பைக்கும் வாடகை ஏறிக்கொண்டே போகும், அதனால் ஸ்டோரேஜ் சதவீதம் 70 தாண்டினால் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி அலர்ட் ஒன்று வையுங்கள், அதற்கு எந்த சப்போர்ட் திட்டமும் வேண்டாம்.

இதையே ஸ்டாண்டர்டில் கேஸ் போட்டிருந்தால் 6:10-க்குள் ஒருவர் வந்து டிஸ்க்கைப் பெரிதாக்கச் சொல்லியிருப்பார், ஏழுக்குள் ஓடியிருக்கும். உங்கள் நண்பன் செய்ததைவிட அரை மணி முன்னால், அவ்வளவுதான். ஸ்லாட் விஷயம் அடுத்த ஒன்றிரண்டு நாளில் அதே கேஸில் வெளிவந்திருக்கலாம். அதுதான் லாபம்.

தொண்டி_பாத்திமா

இந்த இழையைப் படித்துவிட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. நாங்கள் கருவாடு ஏற்றுமதிக்கு ஆவணம் போடும் சிஸ்டம் வைத்திருக்கிறோம், அஷ்யூர்தான், ஆனால் நேரடியாக வாங்கவில்லை, ஒரு ரீசெல்லர் மூலமாக, பில்லும் அவர்களிடமிருந்து ரூபாயில் வருகிறது. விற்கும்போது 24 மணி நேர சப்போர்ட் இலவசமாகவே உண்டு என்று சொன்னார்கள். போன மாதம் சனிக்கிழமை ராத்திரி போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, திங்கள் காலை பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி கூப்பிட்டு என்ன விஷயம் என்றார். நானே ஸ்டாண்டர்ட் வாங்கிக்கொள்ளலாமா?

உப்புக்காற்று

பாத்திமாம்மா, உங்கள் கதை வேறு. பார்ட்னர் மூலம் வாங்கிய சந்தாவுக்கு சப்போர்ட் தருவது பார்ட்னர் பொறுப்பு. இந்த ஏ, பி, சி நேரமெல்லாம் நேரடியாக வாங்கியவர்களுக்கு. உங்களுக்கு முதலில் ரீசெல்லர், அவர்களுக்கு மேலே பெரும்பாலும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதற்கும் மேலேதான் மைக்ரோசாஃப்ட், ஒவ்வொரு கை மாறும்போதும் நேரம் போகும். 24 மணி நேரம் என்று அவர்கள் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். மூன்றே கேள்வி: ஞாயிறு ராத்திரி எந்த நம்பர், அதை எடுப்பவருக்குக் கேஸை மேலே தள்ள அதிகாரம் உண்டா, மேலே அவர்கள் வைத்திருப்பது எந்தத் திட்டம், அதில் ஏ நிலைக்கு எத்தனை மணி நேரம். இதற்கு பதில் வராவிட்டால் உங்களிடம் சப்போர்ட்டே இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கீழக்கரை_ரிஃபாய்

நான் ஏடபிள்யூஎஸ் ஆள், அங்கே கதை கொஞ்சம் மாறும், ஒப்பிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டெவலப்பர் திட்டம் அங்கேயும் 29 டாலர், இல்லையென்றால் பயன்பாட்டில் 3 சதவீதம், எது அதிகமோ அது. சிஸ்டம் பாதிப்பு என்றால் 12 வேலை மணி நேரம். வேலை மணி காலை 8 முதல் மாலை 6, அதுவும் கணக்கில் எந்த நாடு பதிந்திருக்கிறதோ அந்த நாட்டு நேரம். மண்டபம்காரன் ஞாயிறு அங்கே நடந்திருந்தால் திங்களில் 10 மணி நேரம், செவ்வாயில் 2 மணி நேரம், ஆக செவ்வாய் காலை 10 மணி. எங்கள் முதலாளி துபாயில் இருந்து கணக்கு திறந்தார், நாடு அமீரகம் என்று கிடந்தது, அப்போது நேரமும் அந்த ஊர்க் கணக்குத்தான். இதை யாரும் பார்ப்பதில்லை, ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பிசினஸ் திட்டம் 100 டாலரில் தொடங்கும், முதல் பத்தாயிரம் டாலர் பயன்பாட்டுக்கு 10 சதவீதம், எது அதிகமோ அது. ப்ரொடக்‌ஷன் படுத்தால் 1 மணி, பாதிப்பு என்றால் 4 மணி. அஷ்யூரில் 100 என்றால் 100, பில் ஏறினாலும் அதேதான். இங்கே பில் மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டினால் சப்போர்ட்டும் கூடவே ஏறும். சின்னவர்களுக்கு வித்தியாசம் இல்லை, வளர்ந்தபிறகு தெரியும்.

இன்னொரு செய்தி. இந்த டெவலப்பர், பிசினஸ் இரண்டையும் 2027 ஜனவரி 1-இல் நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். பதிலுக்கு வந்திருக்கும் பிசினஸ் சப்போர்ட் பிளஸ் 29 டாலரில் தொடங்குகிறது, 24 மணி நேரமும் ஆள் உண்டு, முக்கியமான சிஸ்டம் படுத்தால் 30 நிமிடம். அதிலும் பயன்பாடு ஏறினால் சதவீதக் கணக்கு வரும், அதனால் உங்கள் பில்லை வைத்துப் பாருங்கள். பழைய டெவலப்பரிலேயே இருப்பவர்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பாம்பன்_ஜெரோம்

காக்கா, அப்படியென்றால் எல்லோரும் அங்கே மாறிவிட வேண்டியதுதானே?

கீழக்கரை_ரிஃபாய்

சப்போர்ட்டுக்காக வீட்டையே மாற்றுவார்களா தம்பி. டேட்டாபேஸ், லாகின், பேக்கப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிற செலவுக்குப் பத்து வருஷம் ஸ்டாண்டர்ட் கட்டலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொன்னேன்.

மண்டபம்காரன்

ரிஃபாய் காக்கா, நன்றி. உப்புக்காற்று அண்ணே, மூன்றாவது கேள்வி விட்டுப்போயிற்று. டிசைன் பற்றிக் கேட்டால் ஸ்டாண்டர்டில் சொல்வார்களா? எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான். ஒரே சர்வரில் ஓட்டுகிறோம், ஸ்டாண்ட்பை வைக்க வேண்டுமா, ரிப்போர்ட்டைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா, சீசனில் மட்டும் பெரிய சர்வர் போட்டால் போதுமா, இப்படி.

உப்புக்காற்று

எங்கள் அமைப்பைப் பார்த்துச் சரியா என்று சொல்லுங்கள் என்று ஸ்டாண்டர்டில் கேஸ் போட்டால் நாலு டாக்குமெண்ட் லிங்க் வரும், மரியாதையாக ஒரு வணக்கம் வரும், கேஸ் மூடப்படும். தப்பாகச் சொல்லவில்லை, அந்தத் திட்டத்தில் இருப்பது பொதுவான வழிகாட்டல் மட்டுமே. உங்கள் வேலைச் சுமையைப் பார்த்து யோசனை சொல்ல ஆள் வேண்டும் என்றால் அது ப்ரோடைரக்ட்டில் தொடங்குகிறது, மாதம் 1000 டாலர். அதிலும் உங்களுக்கென்று தனியாக ஒருவர் இல்லை, டெலிவரி மேனேஜர்கள் குழு ஒன்று இருக்கும், அதிலிருந்து யாரோ ஒருவர். பெயர் சொல்லிக் கூப்பிடும்படி ஒருவர் வேண்டும் என்றால் அதற்கும் மேலே ஒப்பந்தம் பேசி எடுப்பது, ரிஃபாய் பக்கத்தில் எண்டர்பிரைஸ், இரண்டும் நம் கடற்கரைக்கு வேண்டாம்.

ஆனால் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, சென்னையில் ப்ரோடைரக்ட் உள்ள கம்பெனியில் வேலை பார்த்தபோதுகூட இதையே செய்தோம். டிசைன் கேள்வியை உடைத்து, இந்தப் பொருள் இப்படி நடக்குமா என்கிற கேள்வியாக்கிப் போடுங்கள். ஸ்டாண்ட்பை வேண்டுமா என்று கேட்காதீர்கள். நான் வைத்திருக்கும் பர்ஸ்டபிள் வகை சர்வரில் ஸ்டாண்ட்பைக்கான ஹெச்ஏ இயக்க முடியுமா, எந்த வகைக்கு மாற வேண்டும், மாறும்போது எவ்வளவு நேரம் கனெக்‌ஷன் துண்டாகும் என்று கேளுங்கள். இதற்கு டெவலப்பரிலேயே சி நிலையில் பதில் கிடைக்கும். முதல் கேள்விக்கு நானே சொல்லிவிடுகிறேன், பர்ஸ்டபிளில் ஹெச்ஏ கிடையாது, ஜெனரல் பர்ப்பஸுக்கு மேலே போக வேண்டும், பில் நன்றாகவே ஏறும்.

இன்னொன்று, அந்த ஞாயிறு ஹெச்ஏ இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. ஸ்டாண்ட்பை என்பது அதே டிஸ்க் அளவு, அதே குப்பை, அச்சு அசல் நகல். மெயின் சர்வர் நிறைந்தால் அதுவும் நிறைந்துதான் இருக்கும். ஆர்க்கிடெக்ட் யோசனை என்று ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினால் நல்லவராக இருந்தால் இதைத்தான் சொல்லுவார், ஹெச்ஏ விற்கப் பார்க்காமல்.

முத்து அண்ணன் சென்னை ரீஜன் என்றதும் இங்கேதான் இடிக்கும். சென்னையில் தனித்தனி டேட்டா சென்டராகப் பிரிந்த அவைலபிலிட்டி ஸோன் கிடையாது, புனேயில் உண்டு. பின்னால் ஒரு நாள் ஸோன் தாண்டி ஸ்டாண்ட்பை வைக்க நினைத்தால் சென்னையில் முடியாது. ஏலக் கணக்கு ஆப்புக்கு அந்தச் சில மில்லிசெகண்ட் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை.

சாயல்குடி_முத்து

எனக்கு வேகமாகத்தான் இருக்கிறது. ஸோன் எனக்கு எதற்கு, உப்பளத்து ஆள் சம்பளக் கணக்குதானே.

உப்புக்காற்று

உங்களுக்குச் சரிதான் அண்ணே, மாற்ற வேண்டாம்.

மண்டபம்காரன், காசில்லாமல் இரண்டு செய்யலாம். போர்ட்டலில் அட்வைசர் என்று இருக்கிறது, எல்லோருக்கும் இலவசம், செலவு, நம்பகத்தன்மை பற்றி அது சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, மீதி பொருந்தும். அப்புறம் வெல் ஆர்க்கிடெக்டெட் ரிவ்யூ என்று கேள்வித்தாள் மாதிரி ஒன்று, அதில் நம்பகத்தன்மைப் பகுதியை மட்டும் நீங்களும் உங்கள் நண்பனும் ஒரு மதியம் உட்கார்ந்து நிரப்புங்கள். பதில் சொல்ல முடியாத கேள்விகள்தான் உங்கள் ஓட்டைகள். அதற்குமேல் வேண்டும் என்றால் தெரிந்த ஆள் ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள், ப்ரோடைரக்ட் ஒரு மாதக் காசில் பாதிகூட ஆகாது.

கீழக்கரை_ரிஃபாய்

ஒன்று கேட்கிறேன். இந்தத் திட்டம் மாதக் கணக்குத்தானே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகே போகாது. அந்த இரண்டு மாதமும் கீழே இறக்கி, ஜூன் 15-க்கு முன்னால் மேலே ஏற்றினால் என்ன? எங்கள் பக்கம் ஒரு தடவை சேர்ந்தால் குறைந்தது 30 நாள் காசு கட்டியாக வேண்டும், அதனால் படுத்த அன்று எடுத்து மறுநாள் விட முடியாது, ஆனால் சீசன் கணக்கு போடலாம்.

உப்புக்காற்று

போடலாம். அஷ்யூரில் திட்டம் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதை அணைக்க மறந்தால் தடைக்காலத்திலும் 100 போகும், அதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். தடைக்காலத்தில்தான் நாம் வெர்ஷன் ஏற்றுவது, டேபிள் மாற்றுவது எல்லாம் செய்வோம், கேள்வி நிறைய வரும், ஆனால் அவசரம் இருக்காது. அதற்கு 29 டாலர் டெவலப்பர் சி நிலை தாராளம். அவசரம் வருகிற மாதங்களுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட்.

பாம்பன்_ஜெரோம்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பத்து மாதம் 71 டாலர் கூடுதல் கட்டுவதற்கு அதே காசில் ராமேஸ்வரத்தில் ஒரு பையனை ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாளும் விடியக்காலை 4 முதல் 8 வரை உட்கார வைக்கலாம். டிஸ்க் நிறைந்ததா, கனெக்‌ஷன் தீர்ந்ததா என்று பார்க்க அவன் போதும். எங்கோ இருக்கும் ஆளுக்கு நம் ஏலம் எப்போது முடியும் என்று தெரியுமா?

உப்புக்காற்று

நான் தடுக்கமாட்டேன். இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் எனக்கே தெளிவாகச் சொல்ல வராது. பையன் உங்கள் பக்கத் தவறுகளைப் பார்ப்பான், அதுதான் பத்தில் எட்டு தடவை. மீதி இரண்டில் பையனும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

ஒன்று மட்டும் கவனம். ஏ நிலையில் கேஸ் போட்டால் உங்கள் பக்கமும் ஒருவர் 24 மணி நேரமும் போனில் கிடைக்க வேண்டும். அவர்கள் கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லை என்றால் நிலையை இறக்கிவிடுவார்கள். கேஸில் துறைமுகத்தில் இருப்பவர் நம்பரைக் கொடுங்கள், தூங்கிக்கொண்டிருக்கும் முதலாளி நம்பரை இல்லை. நேரத்தை யுடிசியில் எழுதுங்கள், ஞாயிறு காலை 5:10 என்பது அவர்கள் லாகில் சனி 23:40, இந்தக் குழப்பத்திலேயே முதல் அரை மணி போய்விடும். ரிசோர்ஸ் ஐடி, பிழை வாசகம் அப்படியே, கடைசியாக என்ன மாற்றினீர்கள், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு வேலை நின்றது. இதை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்து, நேரத்தையும் பிழையையும் மட்டும் அன்றைக்கு மாற்றிப் போடுங்கள்.

தொண்டி_பாத்திமா

ரீசெல்லருக்கு அந்த மூன்று கேள்வியையும் மெயிலில் போட்டேன். ஞாயிறு நம்பர் என்று அவர்கள் உரிமையாளர் செல்போன் நம்பரைத் தந்திருக்கிறார்கள், மேலே எந்தத் திட்டம் என்பதற்குப் பதில் இல்லை, கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நேரடியாக மாறினால் ரூபாய் பில் போய்விடுமா, சர்வரை நிறுத்தாமல் மாற்ற முடியுமா என்று யாருக்காவது தெரியுமா? இதைத் தனி இழையாகவே போடுகிறேன்.

மண்டபம்காரன்

ஸ்லாட்டை நீக்கியாயிற்று, 30-இல் இருந்த அளவு 7 ஜிபிக்கு வந்துவிட்டது. 70 சதவீத அலர்ட் வைத்தாயிற்று. ஜூன் 10 வாக்கில் ஸ்டாண்டர்ட் எடுக்கிறேன், ஜெரோம் சொன்ன பையன் விஷயமும் கம்பெனிக்காரர்களிடம் பேசுகிறேன், பாதிச் சம்பளம் அவர்கள் போட்டால் இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் டெவலப்பரிலேயே ஹெச்ஏ கேள்வியை சி நிலையில் போட்டிருக்கிறேன், புதன் காலை 9:20-க்கு. எப்போது, என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.